நாடி நெஞ்சில் முட்டாமல்: கங்காரு பராமரிப்பைக் கற்பித்தபோது கற்றவை

யாழ்ப்பாணத்தில் மகப்பேற்றுக்குப் பின்னான விடுதிக்குப் பயிற்சிக்கு வரும் தாதிய மாணவிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்றால் என்ன என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் சரியாகவே விடை சொல்வார்கள். குறைமாதத்திலோ குறைந்த நிறையிலோ பிறந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்துத் தோலோடு தோல் படக் கட்டி, நாளில் இயன்ற அளவு நீண்ட நேரம் அப்படியே வைத்திருந்து, தாய்ப்பாலே கொடுப்பது என்பார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகொட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்திய ஒரு வைத்தியசாலையில் இது தொடங்கியது என்பதையும் சிலர் சொல்வார்கள். ஆனால், பயந்துபோயிருக்கும் ஒரு தாயின் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தினால் அதே மாணவிகளின் வாயிலிருந்து வரும் முதற் சொல் "பயப்படாதேங்கோ அம்மா" என்பதாகத்தான் இருக்கும். அந்தச் சொல்லை என் வகுப்பில் நான் தடை செய்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஏன் தடை செய்தேன் என்பதை ஒரு தாயின் கதையோடு சொல்லலாம்.

அந்தத் தாய்க்கு இருபத்தாறு வயது. முப்பத்திரண்டாம் வாரத்தில் சத்திரசிகிச்சை மூலம் பிறந்த பெண் குழந்தையின் பிறப்பு நிறை 1,620 கிராம். ஆறாம் நாளில் அது 1,510 கிராமாகக் குறைந்திருந்தது. குறைமாதக் குழந்தைக்கு இந்த இறக்கம் எதிர்பார்க்கத்தக்கதுதான். ஒட்சிசன் இல்லாமலே நன்றாக மூச்சுவிட்டது. பால் குழாய் மூலம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 20 மில்லிலீற்றர் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தோம். கங்காரு பராமரிப்பைத் தொடங்கலாம் என்று வைத்தியர் எழுதியிருந்தும் இரண்டு நாட்களாகத் தொடங்கவில்லை. மாணவிகள் இருவர் இரண்டு தடவை போய்ப் பயன்களையெல்லாம் விளக்கிவிட்டு வந்திருந்தார்கள். குழந்தையின் சூடு நிலைத்திருக்கும், கிருமித்தொற்று குறையும், பால் கூடுதலாகச் சுரக்கும், பிள்ளைகள் இறப்பது குறையும் என்று ஒன்றையும் விடாமல் சொல்லியிருந்தார்கள். கேட்ட தாய் தலையை ஆட்டிவிட்டு, "நாளைக்குப் பாப்பம் மிஸ்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இறப்பது குறையும்" என்று சொன்ன மாணவி தவறான தகவல் எதையும் சொல்லிவிடவில்லை. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட நிறையில் பிறந்த குழந்தைகள் சேர்க்கப்பட்டிருந்தனர். பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைக்கத் தொடங்கியவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். நிலைமை சீரானபின் தொடங்கியவர்களில் அது பதினாறுக்குச் சற்றுக் குறைவு. மாணவிகள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால், பிள்ளை செத்துவிடுமோ என்று இரவிரவாக விழித்திருக்கும் ஒருத்தியிடம் போய், பயனை விளக்குகிறோம் என்று எண்ணிக்கொண்டு, இறப்பு என்ற சொல்லை நாமே முதலில் எடுத்துக் கொடுக்கிறோம். அவருடைய காதில் விழுவது அந்த ஒரு சொல் மட்டுமே.

ஏழாம் நாள் காலையில் மாணவிகளைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து ஒரே கேள்வி கேட்டேன்: "தங்கச்சி, பிள்ளையை நெஞ்சில வைச்சா என்ன நடந்திடும் எண்டு நினைக்கிறீங்கள்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மிஸ், இவ இடைக்கிடை மூச்சை நிப்பாட்டுறா. நான் பாத்தனான். தொட்டிலுக்க எண்டா எனக்கு முகம் தெரியும். நெஞ்சில கட்டினா முகம் தெரியாது. என்ர கையுக்குள்ளயே நிண்டு போச்செண்டா?"

இரண்டு நாட்களாக மாணவிகள் விளக்கியவற்றில் இந்தக் கேள்விக்கு விடையே இருக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அவர் பயந்தது வீண்பயம் அல்ல. குறைமாதக் குழந்தைகள் ஐந்து, பத்து விநாடிகள் மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு வேகமாகச் சில மூச்சுகள் எடுப்பது வழக்கம். நிறம் மாறாமல் தானாகவே மீளும்வரை அது அவர்களின் இயல்பு. இருபது விநாடிக்கு மேல் நின்றாலோ, குறைந்த நேரமே நின்றாலும் உதடு நீலமானாலோ இதயத்துடிப்பு குறைந்தாலோ அது ஆபத்து. முப்பத்திரண்டு வாரக் குழந்தைக்கு அந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. அப்படிப்பட்ட தாயிடம் "பயப்படாதேங்கோ" என்றால், நான் கண்ணால் கண்டதை இவர்கள் காணவில்லைப் போலும் என்றுதான் அவர் நினைப்பார்.

அதனால் அன்று கங்காருப் பேச்சையே எடுக்காமல் இருவருமாகத் தொட்டிலருகே போய் நின்றோம். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவருடைய கையில் கொடுத்து, குழந்தையின் வயிறு அசைவதைப் பார்க்கச் சொன்னேன். வயிறு அசையாமல் நின்றதும் அவரே எண்ணினார். ஏழு. பிறகு மூன்று நான்கு வேகமான மூச்சுகள் வந்தன. இன்னொரு தடவை ஒன்பது. உதட்டின் நிறத்தைப் பார்க்கச் சொன்னேன், இளஞ்சிவப்பாகவே இருந்தது. நின்றால் என்ன செய்வது என்பதையும் அப்போதே காட்டினேன். முதலில் கழுத்து மடிந்திருக்கிறதா என்று பார்த்து நேராக்க வேண்டும், உள்ளங்காலையோ முதுகையோ விரலால் தேய்க்க வேண்டும், அதே நேரத்தில் குரல் கொடுத்து எங்களைக் கூப்பிட வேண்டும். தேய்த்தும் மூச்சு வராவிட்டால் முகமூடியும் பையும் கொண்டு மூச்சுக் கொடுப்பது எங்கள் வேலை. குழந்தையின் முதுகைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னபோது முதலில் ஒரு விரலால் மட்டும் தொட்டார். இரண்டாம் தடவை உள்ளங்கை முழுவதையும் வைத்தார். அப்போது அவரிடம் சொன்னேன்: "நெஞ்சில இருந்தா முகத்தைப் பாக்காமலே உங்கட தோலுக்கு அவவின்ர மூச்சு தெரியும். தொட்டிலுக்க இருந்தா நீங்கள் கண் மூடின நேரம் ஒண்டும் தெரியாது."

அவர் சம்மதித்தது பிற்பகலில். அதற்கு முன் நோமாத்திரை எடுத்து அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. சாப்பிட்டு, சலம் கழித்து, பாலும் கறந்து முடித்திருந்தார். மாணவிகள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஆயத்தங்களைத்தான். தாய்க்குப் பசியோ, சலம் கழிக்கும் அவசரமோ, காயத்தில் வலியோ இருந்தால் பத்து நிமிடத்தில் பிள்ளையை எடுத்துவிடச் சொல்வார். பத்து நிமிடத்தில் எடுப்பதால் குழந்தைக்குக் கிடைப்பது இரண்டு தடவை தூக்கி அசைக்கப்பட்ட அலைச்சல் மட்டுமே. ஒரு தடவை வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டும் முறையை மாணவிகளுக்கு முதலில் பொம்மையில்தான் கற்பிக்கிறேன். தொடக்கத்தில் பயன்படுத்திய பிளாஸ்ரிக் பொம்மையின் கழுத்து கம்புபோல் விறைப்பாக நின்றதால், எப்படிக் கட்டினாலும் தலை சரியாகவே இருந்தது. குறைமாதக் குழந்தையின் கழுத்தோ வாடிய கீரைத் தண்டுபோல் மடியும். இதன் விலையை நான் ஒரு தடவை நேரில் கண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், நானே கட்டிவிட்டுச் சென்ற ஒரு குழந்தையைக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது, துணி தளர்ந்து குழந்தை கீழே சறுக்கியிருந்தது. முகவாயான நாடி நெஞ்சில் முட்டி, உதடுகள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. தலையை நிமிர்த்தியதும் இரண்டு மூச்சில் நிறம் திரும்பிவிட்டது. தாய்க்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை, பிள்ளை அமைதியாக உறங்குகிறது என்றே நினைத்திருந்தார். அன்றைக்குப் பிறகு பிளாஸ்ரிக் பொம்மையை ஒதுக்கிவிட்டு, சீத்தைத் துணியில் பொம்மை தைத்து, உடம்புக்குள் ஒன்றரைக் கிலோ அரிசியும் தலைக்குள் ஒரு பிடி அரிசியும் போட்டு, கழுத்தை வெறும் துணியாகவே விட்டேன். பிடி தவறினால் தலை தொப்பென்று விழும். மாணவி அதைக் கண்ணால் கண்ட பிறகு ஒரு தடவைக்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கும்போது ஒரு கை குழந்தையின் கழுத்துக்கும் முதுகுக்கும் பின்னால் இருக்க வேண்டும். அந்தக் கையின் பெருவிரலும் மற்ற விரல்களும் தாடையின் கீழ்ப்பக்கத்தை இரு புறமும் மெதுவாகத் தாங்கினால் தலை சரியாது. மற்றக் கை குண்டியின் கீழ். மார்பில் வைத்ததும் தலை ஒரு பக்கம் திரும்பி, பூவை முகரப் போவதுபோல் மிகச் சிறிதளவு நிமிர்ந்திருக்க வேண்டும். முன்னால் மடியவும் கூடாது, பின்னால் அதிகம் வளையவும் கூடாது, ஏனெனில் இரண்டிலும் மூச்சுக் குழாய் ஒடுங்கும். கைகள் மடிந்து மார்பின் இரு புறமும், கால்கள் தவளையின் கால்களைப்போல் மடிந்து விரிந்தும் இருக்க வேண்டும். குழந்தையின் வயிறு தாயின் மேல்வயிற்றின் மட்டத்தில் வந்தால் தாய் விடும் மூச்சின் அசைவு அதற்கும் படும். துணியின் மேல் ஓரம் குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே முடிய வேண்டும். இறுக்கம் குழந்தையின் மார்புப் பகுதியில் விழ வேண்டுமே தவிர வயிற்றில் விழக்கூடாது. அந்தச் சின்னஞ்சிறு உடம்பு வயிற்றால்தான் மூச்சுவிடுகிறது. சத்திரசிகிச்சை செய்த தாய்க்குத் துணியின் கீழ் ஓரம் காயத்துக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். கட்டி முடித்த பின், தாயை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நின்றபோதும் குழந்தை சறுக்காவிட்டால்தான் கட்டு சரி. நான் பல ஆண்டுகளுக்கு முன் செய்யாமல் விட்டது இந்தக் கடைசிச் சோதனையைத்தான்.

அந்தத் தாய் முன்பக்கம் பொத்தான் வைத்த சோட்டி அணிந்திருந்ததால் உடை பிரச்சினையாகவில்லை. நடுவில் ஒரு திரையை இழுத்துவிட்டோம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரைச் சாய்ந்தாற்போல் அமரவைத்து, முழங்கைகளின் கீழ் ஒவ்வொரு தலையணை வைத்தோம். குழந்தையை எடுத்து வைக்க ஒரு மாணவி கையை நீட்டியபோது தடுத்தேன். தொட்டிலிலிருந்து தாயே எடுக்கட்டும், உங்கள் கை அவருடைய கையின் கீழே இருந்தால் போதும் என்றேன். பார்ப்பதற்குச் சிறிய வேறுபாடு இது. ஆனால் மாணவி தூக்கிக் கொண்டுவந்து மார்பில் வைத்துவிட்டால், அடுத்த தடவையும் தாய் மாணவிக்காகத்தான் காத்திருப்பார். மாணவியின் கைக்கு வேகம் உண்டு, தாயின் கைக்கு இல்லை. அந்த மெதுவான இரண்டு நிமிடத்தைப் பொறுத்துக்கொண்டு நிற்பதுதான் மாணவிகளுக்கு மிகக் கடினமாக இருக்கிறது.

வைத்ததும் குழந்தை முகத்தைச் சுளித்துச் சிறிது அழுதது. தாய் என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் நாடியைக் காட்டி, "நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில உங்கட விரல் போகுதா எண்டு பாருங்கோ" என்றேன். போனது. அன்று அவரிடம் நான் ஒப்படைத்த ஒரே வேலை அதுதான்: நாடியின் கீழே ஒரு விரல் போகுமா என்று அவ்வப்போது பார்ப்பது. பயந்தவருக்குப் பார்ப்பதற்கு ஒரு குறி இருந்தால் கண் அங்கே நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் குழந்தை உறங்கிவிட்டது.

காண்டாவனக் காலம் அது. விடுதியில் புழுக்கம் தாங்க முடியாது. தாயின் நெஞ்சில் வியர்வை வழிய, இந்த வெக்கையில் பிள்ளைக்குச் சூடு ஏன் என்று மாணவி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மார்பில் வைப்பதற்கு முன் குழந்தையின் கமக்கட்டில் அவரே எடுத்த வெப்பநிலை 36.3 பாகை செல்சியஸ். துணியில் சுற்றியிருந்தும், வெளியே வெயில் கொளுத்தியும், 36.5 என்ற கீழ் எல்லைக்குக் குறைவாகவே இருந்தது. மேலே சுழலும் மின்விசிறியும் ஈரமான பம்பஸும் கொழுப்பில்லாத அந்தத் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு மணித்தியாலம் கழித்து மீண்டும் எடுத்தபோது 36.9. கங்காரு பராமரிப்பின் பயன்களை நான் கற்பிக்கும் முறை இதுதான்: மாணவி தன் கையால் இரண்டு தடவை வெப்பமானி வைத்துத் தானே எழுத வேண்டும். அதேபோல், தாய் ஒரு தடவையில் கறக்கும் பாலின் அளவை மார்பில் வைப்பதற்கு முன்னும் பின்னும் குறித்துவர வேண்டும். வெக்கைக் காலத்தில் 37.5க்கு மேல் போனால் முதலில் போர்வையையும் தொப்பியையும் காலுறையையும் கழற்றிவிட்டு அரை மணித்தியாலத்தில் மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் அது துணியின் சூடு அல்ல, கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

முதல் நாள் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். மறுநாள் இரண்டு தடவையாக மூன்றரை மணித்தியாலம். மார்பில் இருக்கும்போதே குழாயில் பால் கொடுக்கலாம் என்று அறிந்தபிறகு, பாலுக்காக இறக்குவதும் நின்றது. நான்காம் நாளில் எட்டு மணித்தியாலத்தைத் தாண்டினார். நாளொன்றுக்கு எட்டிலிருந்து இருபத்துநான்கு மணித்தியாலம் வரை, எவ்வளவு கூடுதலாக முடியுமோ அவ்வளவு என்பதே உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன அளவு. இந்த எட்டை முதல் நாளே தாயிடம் சொல்லக்கூடாது என்பது என் அபிப்பிராயம், மலைத்துப்போவார்.

இடையில் அவருடைய தாயார் வந்து ஒரு சச்சரவு நடந்தது. பச்சை உடம்புக்காரி இப்படித் திறந்த நெஞ்சோடு இருந்தால் காற்றுப் பட்டுவிடும், பத்தியம் கெட்டுவிடும் என்று அவர் மாணவிகளிடம் சினந்துகொண்டார். மாணவிகள் அவருக்கும் பயன்களை விளக்கத் தொடங்கினார்கள். நான் இடைமறித்து, "அம்மா, உங்கட மகள் குளிக்கப் போற நேரம் பிள்ளையை ஆர் வைச்சிருக்கிறது?" என்று கேட்டேன். அன்று மாலை அம்மம்மாவே கைகழுவி, திரைக்குப் பின்னால் பேத்தியை மார்பில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் அசையாமல் இருந்தார். காய்ச்சலோ இருமலோ தோல் நோயோ இல்லாத எவரும், தந்தை உட்பட, இடையிடையே தாயின் இடத்தை நிரப்பலாம்.

எல்லாத் தாய்மாரும் இவரைப்போல் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை உறங்கும்போதும் உறங்க முடியாமல், காரணமின்றி அழுதுகொண்டு, குழந்தையைத் தொடுவதையே வெறுக்கும் தாயிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்துப் பயனில்லை. அதை மாணவி வைத்தியரிடம் அன்றே சொல்ல வேண்டும். அங்கே நாங்கள் வற்புறுத்தினால் தீமைதான். அதேபோல், அடிக்கடி மூச்சு நிற்கும் குழந்தை, முனகி மூச்சுவிடும் குழந்தை, வலிப்பு வந்த குழந்தை ஆகியவற்றைத் தாயின் மார்பில் வைப்பது வைத்தியரின் முடிவு. 2021ஆம் ஆண்டு ஆய்வில் நிலைமை சீராகாத குழந்தைகளையும் வைத்தார்கள் என்று மாணவிகள் வாதிடுவதுண்டு. அங்கே தாயும் சேயும் ஒரே தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சுக்கு உதவும் கருவிகளோடும் கண்காணிப்போடும் இருந்தார்கள் என்பதை நினைவூட்டுவேன்.

குழந்தை பன்னிரண்டாம் நாளில் 1,640 கிராமுக்கு வந்து பிறப்பு நிறையைத் தாண்டியது. இருபத்துநான்காம் நாளில், முழுப் பாலையும் மார்பிலேயே குடித்து, 1,960 கிராம் நிறையோடு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. வீட்டில் எங்கே அமர்ந்து வைத்திருக்கப் போகிறீர்கள் என்று மாணவி கேட்டபோது, "அப்பாவின்ர சாய்மனைக் கதிரை இருக்குத்தானே" என்றார் தாய். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அந்த விடை வரும். துணி போட்ட சாய்மனைக் கதிரையில் சாய்ந்தால் முதுகு பள்ளத்தில் இறங்கி நெஞ்சு குழிவதால், குழந்தையும் அந்தக் குழிக்குள் மடிந்து நாடி நெஞ்சில் முட்டும். கண்ணயர்ந்துவிட்டால் பார்க்க ஆளும் இல்லை. சுவரோடு போட்ட கட்டிலில் இரண்டு மூன்று தலையணைகளைச் சரிவாக அடுக்கிச் சாய்ந்திருக்கச் சொன்னோம். குழந்தை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது நெளிந்து, காலை உதைத்துத் துணிக்குள்ளிருந்து தானே வெளியே வரப் பார்க்கும், அதுவரை தொடரலாம் என்றும் சொன்னோம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது கேட்கவேண்டியவற்றை மாணவி தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, புறப்படுமுன் துணிக்குள் விரலைவிட்டு நாடியின் கீழே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.